சேலத்தில் வீடு பார்க்கும் நண்பனுக்கு

அன்புள்ள மூர்த்திக்கு,

ஏற்காட்டில் கோடை மழை பெய்து காப்பிச் செடிகள் பூத்திருக்கின்றன. கீழே சேலமோ வெயிலில் கொதிக்கிறது. அஸ்தம்பட்டியில் நீ பார்த்த இரண்டு வீடுகளின் வரைபடங்களும் கிடைத்தன. கிழக்கு வாசல் வீட்டையே வாங்க வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதாக எழுதியிருந்தாய். ஆனால் அடுக்குமாடியில் வாசற்கதவு திறப்பது நடைபாதைக்குள்தான். வெயிலும் காற்றும் வருவது பால்கனியும் சன்னல்களும் உள்ள பக்கத்திலிருந்து. வரைபடத்தின்படி அந்தக் கிழக்கு வாசல் வீட்டின் பால்கனி, இரண்டு படுக்கையறைகள் எல்லாமே மேற்கில் இருக்கின்றன.

கிழக்கிலும் மேற்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு வெயில்தான் விழுகிறது. காலை வெயில் படும்போது காற்று குளிர்ந்திருக்கும், சுவரும் இரவுக்குள் ஆறிவிடும். மேற்கு வெயிலோ, ஊரே சூடேறிய பிறகு அதன்மேல் வந்து சேர்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப்போகும் நேரத்தில் அறைக்குள் விடுகிறது. சன்ஷேடும் அங்கே அதிகம் உதவாது. ஏப்ரல் மாதம் மாலை நான்கு மணிக்கு, இரண்டடி சன்ஷேடு சன்னலின் மேற்பகுதியில் ஒன்றரை அடிக்கும் சற்றுக் குறைவாகவே நிழல் தரும். ஐந்து மணிக்கு அது முக்கால் அடியாகிவிடும். தெற்குச் சன்னலுக்கு அந்தத் தொல்லை இல்லை. நம் ஊரில் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதிவரை நண்பகல் சூரியன் தலைக்குமேலோ சற்று வடக்கிலோ நிற்பதால் கோடையில் அதன்மேல் நேர்வெயில் அநேகமாக விழாது. டிசம்பரில் உள்ளே வரும் வெயில் இதமானதுதான்.

ஆகவே, யாரும் வேண்டாம் என்பதால் விலை குறைத்துச் சொல்கிறார்களே, நடைபாதையின் தென்கோடியில் உள்ள அந்த மேற்கு வாசல் வீடு, அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அதன் பால்கனி கிழக்கில் இருக்கிறது, படுக்கையறைச் சன்னல் தெற்கில் இருக்கிறது. ஆனி, ஆடியில் வீசும் தென்மேற்குக் காற்று அந்தச் சன்னல் வழியாக நுழைந்து கூடத்தைக் கடந்து பால்கனி வழியாக வெளியேற முடியும். மற்ற வீட்டில் சன்னல்கள் எல்லாம் ஒரே பக்கம். சமையலறைச் சன்னலோ குழாய்கள் இறங்கும் குறுகிய சந்தைப் பார்க்கிறது. நுழையும் காற்றுக்கு வெளியேற வழி இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய சன்னலாலும் பயனில்லை.

இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்தினால் இந்த ஓட்டமும் நின்றுவிடும் என்பதால், பழைய வீடுகளில் இருப்பதுபோல் கதவுக்கு மேலே ஒரு வெண்டிலேட்டர் வைத்துத் தரச் சொல். தள்ளு சன்னல் பாதிதான் திறக்கும்; கீல் வைத்த சன்னலாகக் கேள். தெற்கே உள்ள காலிமனையில் நாளை கட்டடம் எழும்பினால் காற்று குறையும். அந்த மனை யாருடையது, எவ்வளவு தள்ளிக் கட்டுவார்கள் என்பதை முன்பணம் கொடுக்குமுன் விசாரித்துவிடு.

இரண்டு வீடுகளையும் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, மேற்குச் சுவரின் உட்புறத்தைத் தொட்டுப் பார். தெற்குச் சன்னலையும் பால்கனிக் கதவையும் திறந்துவைத்து ஊதுவத்தி ஒன்று ஏற்றினால் புகை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும். பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
சண்முகம்