விழுந்துகொண்டே ஒரு வீடு

அன்புள்ள கயலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பாப்பா போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் மிதக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, "அங்கே ஈர்ப்பு விசையே இல்லையாமே தாத்தா?" என்றாள். பக்கத்திலிருந்து நீ "ஆமாம்டி" என்றதும் காதில் விழுந்தது. அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு அவளுக்குச் சொல்.

அந்த நிலையம் தரையிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற தூரம்கூட இல்லை. ஈர்ப்பு விசையைக் கணக்கிட, தூரத்தைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது, பூமியின் மையத்திலிருந்து அளக்க வேண்டும். நாம் தரையில் நிற்கும்போதே மையத்திலிருந்து 6,370 கிலோமீட்டர் தள்ளித்தான் நிற்கிறோம். அதோடு இன்னொரு 400 சேர்ந்தால் என்ன பெரிதாகக் குறைந்துவிடும்? தரையில் இருக்கிற ஈர்ப்பில் நூற்றுக்கு 89 பங்கு அங்கேயும் இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, அதன் உச்சியில் எடை மெஷின் வைத்து உன்னை நிறுத்தினால், இங்கே 60 கிலோ காட்டுகிறவள் அங்கே 53 கிலோ காட்டுவாய். மிதக்க மாட்டாய்.

அப்படியானால் அவர்கள் ஏன் மிதக்கிறார்கள்? நீ எட்டாவது படிக்கும்போது மாடிப்படியில் நின்று ஒரு பாட்டிலைப் போட்டுக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? பிளாஸ்டிக் பாட்டிலில் பக்கவாட்டில் ஓர் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தே பிடித்திருந்தேன். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. கையை விட்டதும், பாட்டில் கீழே போய்ச் சேரும் வரை ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அந்த அரை நொடியில் ஈர்ப்பு விசை எங்கேயும் போய்விடவில்லை, பாட்டிலை இழுத்ததே அதுதான். கையில் பிடித்திருக்கும்போது பாட்டில் தண்ணீரை விழவிடாமல் தாங்குகிறது. அதனால் மேல் தண்ணீர் கீழ்த் தண்ணீரை அழுத்துகிறது, அந்த அழுத்தம்தான் அதை ஓட்டை வழியாகத் தள்ளுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சேர்ந்து விழும்போது யாரும் யாரையும் தாங்கவில்லை, அழுத்தவும் இல்லை.

நமக்கும் இதேதான். எடை என்று நாம் உணர்வது, தரை நம் பாதத்தை மேலே தள்ளுகிற அந்த அழுத்தத்தை. பூமி இழுப்பதை மட்டும் தனியாக உடம்பால் உணர முடியாது. தரையும் நம்மோடு சேர்ந்து விழுந்தால் தள்ள ஆள் இல்லை, எடையும் தெரியாது.

விண்வெளி நிலையம் அப்படித்தான் விழுந்துகொண்டிருக்கிறது. விழுகிறது என்றால் ஏன் தரையைத் தொடவில்லை என்று பாப்பா கட்டாயம் கேட்பாள். அது பக்கவாட்டில் நொடிக்கு 7.66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த உயரத்து ஈர்ப்பு அதை ஒரு நொடியில் சுமார் 4.3 மீட்டர் கீழே இழுக்கிறது. பூமி உருண்டை அல்லவா? 7.66 கிலோமீட்டர் நேராகப் போனால், அந்த உயரத்துச் சுற்றுப்பாதையின் வளைவும் அதே 4.3 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். விழுந்த அளவுக்குத் தரையும் வளைந்து விலகிவிடுகிறது. இந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போவதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிற ஒவ்வொரு வருஷமும் எனக்குச் சிலிர்க்கும். அந்த ஓட்டத்தை மட்டும் யாராவது நிறுத்திவிட்டால், ஐந்தே நிமிஷத்தில் நிலையம் நேராகக் கீழே வந்துவிடும். ஈர்ப்பு இல்லை என்கிறவர்களுக்கு அதுவே பதில்.

அந்த உயரத்தில் லேசாகக் காற்றும் உண்டு. அது உரசி உரசி நிலையம் மெல்ல உயரம் குறையும். அப்பப்போ ராக்கெட் எஞ்சினை ஓட்டி மேலே தூக்குவார்கள். அந்தச் சில நிமிஷம் நிலையம் வெறுமனே விழவில்லை, தள்ளப்படுகிறது. அப்போது உள்ளே மிதந்துகொண்டிருக்கிற பேனா மெதுவாகப் பின்பக்கச் சுவரை நோக்கி நகரும். எஞ்சின் நின்றதும் மறுபடி பழைய மிதப்பு.

இன்னொன்றும் சொல். அங்கே சூடான காற்று மேலே ஏறாது, ஏனென்றால் கனமான காற்று கீழே இறங்கி அதைத் தள்ளுவதில்லை. மூச்சு விட்ட காற்று முகத்தைச் சுற்றியே தேங்கிவிடும். அதனால் தூங்குகிற இடத்திலும் மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் சொன்னால் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பாட்டிலை இந்த வாரமே செய்து காட்டு. ஓட்டையை அடியில் போடாதே, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பக்கவாட்டில் போடு. மூடியைத் திறந்தே வை. கீழே ஒரு பெரிய வாளி வை. அப்புறம் மேல்நோக்கித் தூக்கிப் போட்டும் காட்டு. கையை விட்ட நொடியிலிருந்து, மேலே ஏறும்போதுகூடத் தண்ணீர் வராது. ஏன் என்று அவளையே யோசிக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை நான் கேட்பேன்.

அன்புடன்,
அப்பா