தாய்மாமனாகப் போகிற தம்பிக்கு

அன்புத் தம்பி,

உன் அக்கா மகள் கல்யாணத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி விமானத்தில் திருச்சி போவதாக நேற்று சொன்னாய். முகூர்த்தம் ஞாயிறு காலை ஆறு மணிக்குத்தானே, நடுவில் ஒரு முழு நாள் இருக்கிறதே என்றாய். எனக்கு அப்படித் தெரியவில்லை.

உன்னுடைய கெடு ஞாயிறு காலை இல்லை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தாய்மாமன் சீர். அதை உனக்குப் பதிலாக வேறு யாரும் செய்ய முடியாது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்.

எல்லாம் சரியாக நடந்தால் வெள்ளி இரவு பத்தரைக்குத் திருச்சியில் இறங்குவாய், காரைக்குடிக்குக் காரில் இன்னும் இரண்டு மணி நேரம். மூன்று மணி நேரத் தாமதம் என்றால் பரவாயில்லை, விடிவதற்குள் வீட்டில் இருப்பாய். ஆனால் விமானம் ரத்தானால் கணக்கு வேறு. அடுத்து எந்த விமானத்தில் உனக்கு இடம் கிடைக்கிறது என்பதுதான் அப்போது உன் தாமதம். மறுநாள் அதே நேரத்து விமானத்தில் ஏற்றினால் சனி இரவு பத்தரைக்கு இறங்குவாய். சீர் முடிந்து பந்தியும் முடிந்திருக்கும்.

சென்னை வழியாக வேறு டிக்கெட் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதே. தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டில் முதலாவது தாமதமானால், இரண்டாவது விமானக்காரருக்கு நீ வராத பயணி, அவ்வளவுதான். சென்னையில் குடிநுழைவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்துத்தான் உள்நாட்டு முனையத்துக்கே போக முடியும்.

எனக்கு இது நடந்தது, தம்பி. தங்கை மகனின் காதுகுத்துக்கு ஒரு நாள் கூடுதலாக விடுப்பு எடுத்தேன். அந்த நாளைச் சிராங்கூன் ரோட்டில் சாமான் வாங்கச் செலவழித்தேன். இரவு விமானம் பழுதாகி மறுநாள்தான் கிளம்பியது. என் மடியில் உட்கார வேண்டிய குழந்தை, என் ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் உட்கார்ந்தான். உபரி நாளைக் கடலுக்கு இந்தப் பக்கம் வைத்தால் அது எதற்கும் உதவாது.

ஆகவே வியாழன் இரவே கிளம்பு. அது ரத்தானாலும் வெள்ளி இரவு விமானம் இருக்கிறது. அதில் இடம் இல்லையென்றால் வெள்ளி பகலில் சென்னைக்குப் பறந்து, ராத்திரி பஸ்ஸில் சனி காலை காரைக்குடி சேர்ந்துவிடலாம். பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தாலும் தாங்கும். இருந்தாலும் சீர் நகையையும் பட்டு வேட்டியையும் கைப்பையில் வை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஏழு நாள் விடுப்புதான் என்பது எனக்குத் தெரியும். கல்யாணம் முடிந்து புதன் வரை தங்குவதாகச் சொன்னாயே, அதில் ஒரு நாளை முன்னால் நகர்த்து. செவ்வாய் இரவே திரும்பிவிடு. மாற்றுவதற்குக் கட்டணம் எவ்வளவு என்று இன்றைக்கே கேட்டுச் சொல், பாதியை நான் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்