மடி அளவு: தடைக்காலம் முடியும் முன்

விசைப்படகு உரிமையாளர்களுக்கு வணக்கம். தடைக்கு முன்பு கடைசியாகக் கரையில் கொட்டிய சங்காயக் குவியலைக் கிளறிப் பார்த்தேன். விரல் நீள விளமீன், பொத்தான் அளவு நண்டு. கோழித்தீவன விலைக்குப் போயின. கடலில் வளர விட்டிருந்தால் ஏலத்தில் கிலோ கணக்கில் நின்றிருக்கும்.

இழுவை மடியின் அடிப்பை 40 மி.மீ. சதுரக்கண்ணாக இருக்கவேண்டும் என்பது விதி. சாய்சதுரக் கண் இழுக்கும்போது சுருங்கி மூடிக்கொள்கிறது. சதுரக்கண் திறந்தே நிற்பதால் குஞ்சு தப்பிவிடுகிறது. ஆனால் ஒருவர் மட்டும் மாற்றினால், அவர் விட்ட குஞ்சைப் பின்னால் வரும் படகு அள்ளிவிடுகிறது. சங்காயக் காசு அந்தப் படகுக்கு, அடுத்த ஆண்டு மீன் குறைவதோ எல்லோருக்கும். இந்தக் கணக்கில்தான் நானும் கண்ணைச் சுருக்கினேன்.

ஆகவே ஒரே நாளில் எல்லோரும் மாற்றுவோம். தடை ஜூன் 14 அன்று முடிகிறது. ஜூன் 10 மாலை நான்கு மணிக்கு ஏலக்கூடத்துக்கு அடிப்பையைக் கொண்டுவாருங்கள். உள்ளே இரண்டாவது வலை தைத்திருக்கிறதா என்று கைவிட்டுப் பார்ப்போம். என் மடியிலிருந்து தொடங்கலாம்.