கேம் ஜாம் தொடக்க உரையை என்னோடு சேர்ந்து எழுதியவர்களுக்கு

அன்புள்ள கேம் ஜாம் குழுவினருக்கும் பங்கேற்ற எல்லோருக்கும்,

வணக்கம். 48 மணி நேரத்தில் ஓர் ஆட்டத்தைச் செய்து முடிக்கும் நம் கேம் ஜாமின் அழைப்பிதழில் "தொடக்க உரை" என்பதற்கு நேராக என் பெயர் மட்டும்தான் இருந்தது. அது சரியில்லை. அந்த உரையில் உருப்படியாக இருந்த எல்லாமே உங்களில் யாரோ ஒருவர் சொன்னது, சோதித்தது, அல்லது "இதை எடுத்துவிடுங்கள்" என்று வற்புறுத்தியது. உரையைக் கேட்டவர்கள் எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். யாருக்கு என்ன போய்ச் சேர வேண்டும் என்று ஒருமுறை எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி, உரையின் முதல் வடிவத்தைக் கிழித்த இறுதியாண்டு மாணவருக்கு. நான் செலஸ்ட் என்ற ஆட்டம் உருவான கதையில் தொடங்கியிருந்தேன். 2018-இல் வெளிவந்து பெயர் பெற்ற அந்த ஆட்டத்தின் மூலவடிவத்தை 2015-இல் இரண்டே பேர் நான்கு நாட்களில் செய்து முடித்தார்கள். அதைச் செய்த பிகோ-8 என்ற கருவியில் திரை 128-க்கு 128 புள்ளிகள்தான், நிறங்கள் 16தான். புதியவர்களுக்கு இதைவிட நல்ல கதை இருக்காது என்று நினைத்திருந்தேன். தம்பி நேராகவே கேட்டார்: "அவங்க அதுக்கு முன்னாடியே ஆட்டம் செஞ்சு வெளியிட்டவங்க இல்லையா சார்? அவங்களுக்கு நாலு நாள் போதும். எங்களுக்கு அம்பு விசையை அழுத்தினா ஆள் நகரவே ஒரு ராத்திரி ஆகுமே." கேள்வி நியாயமானது. பெரிய ஆட்டத்தின் பெயரைக் கேட்டதும் கேட்பவர் மனதில் அந்தப் பெரிய ஆட்டம்தான் நிற்கும், நான்கு நாட்களில் செய்த சின்னது நிற்காது. கதையை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் "வாளி" வந்தது.

வாளியைச் செய்தவர் மூன்றாம் ஆண்டு மாணவி. திரையின் மேலிருந்து ஒரு துளி விழும். கீழே வாளியை இடமும் வலமும் நகர்த்திப் பிடிக்க வேண்டும். பிடித்தால் ஒரு மதிப்பெண், மூன்று துளி தவறினால் ஆட்டம் முடிந்தது. அவ்வளவுதான். ஆட்டம் செய்யும் கருவியான கோடோ இன்ஜினில், ஓவியம் எதுவும் இல்லாமல், வெறும் செவ்வகங்களை வைத்தே செய்து கொடுத்தார். உரையில் நான் "முடிந்த ஆட்டம்" என்று எதைச் சொன்னேனோ அது இவர் செய்ததைப் பார்த்து எழுதியது: தொடங்கும் திரை ஒன்று, செய்யும் செயல் ஒன்று, தோற்கும் வழி ஒன்று, மறுபடி விளையாட ஒரு விசை. இந்த நான்கும் இருந்தால் 48 மணி நேர ஜாமில் அது முடிந்த ஆட்டம். நான்கில் ஒன்று குறைந்தாலும், எத்தனை அழகான மலையும் நதியும் அதில் இருந்தாலும், அது ஒரு மாதிரிக் காட்சிதான்.

தொடங்கும் திரை எதற்கு, நேராக ஆட்டத்துக்குள் போகலாமே என்று அரங்கில் ஒருவர் கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் ஒலியமைத்த தம்பியுடையது. உலாவிகள், பயனர் ஒருமுறை சொடுக்கும் வரையோ விசையை அழுத்தும் வரையோ பக்கத்தை ஒலி எழுப்ப விடுவதில்லை. உங்கள் கணினியில் இன்ஜினுக்குள் ஓட்டும்போது இசை ஒழுங்காகக் கேட்கும். இணையத்தில் ஏற்றியதும் ஊமையாகிவிடும். "தொடங்கு" என்ற ஒரே ஒரு பொத்தான் அந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது, தனியாக ஒரு வரி எழுதத் தேவையில்லை.

இனி, நான் மிகவும் கடன்பட்டிருப்பது முதலாமாண்டு மாணவி ஒருவருக்கு. ஆட்டம் செய்து பழக்கமே இல்லை, பார்க்கத்தான் வந்தேன் என்றார். வாளியை அவரிடம் கொடுத்து, எதையும் விளக்காமல் பின்னால் நின்றோம். கொஞ்ச நேரம் நன்றாகப் பிடித்தார். பிறகு சலித்துக்கொண்டு, "விசையை விடவே இல்லண்ணா, அப்பவும் எட்டல" என்றார். நாங்கள் முதலில் அதை வழக்கமான தோல்விப் புலம்பல் என்று எடுத்துக்கொண்டோம். செய்த மாணவிதான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டார்.

திரை அகலம் 640 புள்ளிகள். துளி விழும் உயரம் 480. வாளியின் வேகம் வினாடிக்கு 300. துளியின் வேகம் 200-இல் தொடங்கி, பிடிக்கும் ஒவ்வொரு துளிக்கும் 10 கூடும். ஒரு துளி முடிந்த பிறகுதான் அடுத்தது வரும். தொடக்கத்தில் துளி தரைக்கு வர 2.4 வினாடி ஆகிறது. அதற்குள் வாளி 720 புள்ளிகள் போகலாம், அதாவது எங்கே விழுந்தாலும் எட்டும். பத்துத் துளிகளைப் பிடித்த பின் வேகம் 300. இப்போது கிடைப்பது 1.6 வினாடி, வாளி போகக்கூடியது 480 புள்ளிகள். ஆனால் துளி விழும் இடம் 40-லிருந்து 600 வரை எங்கும் இருக்கலாம், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 560. வாளியின் பாதி அகலம் 40-ஐக் கழித்தாலும் 520. எட்டவே எட்டாது. அந்தப் பெண் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

விளையாடுபவர் தோற்பதும் ஆட்டம் அவரைத் தோற்கடிப்பதும் வேறு வேறு என்று நான் மேடையில் சொன்னபோது சிலர் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். அதைக் கண்டுபிடித்தவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். திருத்தம் இவ்வளவுதான், கேட்டவர்களுக்காக இங்கேயும் தருகிறேன்:

```gdscript
var fall_time = 480.0 / drop_speed
var reach = bucket_speed * fall_time * 0.8
var left = max(40, bucket.position.x - reach)
var right = min(600, bucket.position.x + reach)
drop.position.x = randf_range(left, right)
```

வாளி இப்போது எங்கே நிற்கிறதோ அங்கிருந்து எட்டக்கூடிய தூரத்துக்குள் மட்டும் அடுத்த துளி விழும். அந்த 0.8 எதற்கு என்று பலர் கேட்டீர்கள். கண் பார்த்துக் கை அசைய ஏறத்தாழ கால் வினாடி ஆகும், அதற்காக ஐந்தில் ஒரு பங்கு நேரத்தை விட்டுவைத்திருக்கிறோம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், கடினத்தை நாம் தனியாகச் சேர்க்க வேண்டியதே இல்லை. வேகம் 300-ஆக இருக்கும்போது அந்த ஐந்தில் ஒரு பங்கு 0.32 வினாடி, கைக்குப் போதும். 400-ஐத் தொடும்போது 0.24 வினாடி. வேகம் இன்னும் கூடக் கூட ஓரத்தில் விழும் துளிகள் நழுவத் தொடங்கும், நழுவினாலும் "நான் தாமதித்துவிட்டேன்" என்றுதான் தோன்றும். மூன்று நிலைகள், ஒரு பெரிய எதிரி, ஒரு கடை என்று முதல் தாளில் எழுதியிருந்ததை எல்லாம் அடித்துவிட்டு இந்த ஐந்து வரிக்கு ஒரு மாலை நேரத்தைச் செலவிட்ட அந்த மாணவிக்குத் தனி நன்றி. அடித்த தாளையும் மேடையில் காட்டச் சம்மதித்தாரே, அதற்கு இன்னொன்று.

ஆய்வகப் பொறுப்பாளருக்கு வருகிறேன். வெள்ளி மாலை தலைப்பு அறிவித்தோம், அன்றிரவே எல்லாக் குழுவும் எதையாவது ஆட்டங்களை வெளியிடும் itch.io தளத்தில் ஏற்றிவிட வேண்டும் என்ற விதி அவர் கொண்டுவந்தது. வெறும் சதுரம் நகர்ந்தாலும் போதும், ஏற்றியிருக்க வேண்டும். உரையில் நான் அதை என் யோசனை போலச் சொல்லிவிட்டுப் போனதாகச் சிலருக்குத் தோன்றியிருக்கலாம், இல்லை. முணுமுணுப்பு நிறைய வந்தது. ஆனால் அன்றிரவு வெளிப்பட்ட சிக்கல்களைப் பாருங்கள். ஒரு குழுவின் பக்கத்தில் ஆட்டம் ஓடாமல் பதிவிறக்கப் பொத்தான் மட்டும் வந்தது, "This file will be played in the browser" என்ற கட்டத்தில் டிக் போடவில்லை. இன்னொரு குழு ஏற்றுமதிக் கோப்புக்கு ஆட்டத்தின் பெயரையே வைத்திருந்தது, அந்தத் தளம் index.html என்ற பெயரைத்தான் தேடும். வேறொரு குழுவுக்குப் படங்கள் மட்டும் காணாமல் போயின: கோப்பின் பெயர் Drop.png, நிரலில் drop.png. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும், அதனால் ஆய்வகத்தில் குறை தெரியாது. ஏற்றுமதி செய்த ஆட்டம் அப்படிப் பார்க்காது. இவை எல்லாம் ஐந்து நிமிட வேலை. ஞாயிறு மாலை கடைசி அரை மணியில் வந்திருந்தால் ஒவ்வொன்றும் ஒரு குழுவை வீட்டுக்கு அனுப்பியிருக்கும்.

அதே இரவில் தன் மடிக்கணினியைச் சோதனைக்குக் கொடுத்த தம்பிக்கும் நன்றி. அது வினாடிக்கு 144 முறை புதுப்பிக்கும் திரை. ஆய்வகத்துத் திரைகள் 60. ஒவ்வொரு பிரேமுக்கும் `position.x += 5` என்று எழுதியிருந்த குழுவின் வாளி ஆய்வகத்தில் 300 வேகத்தில் ஓடியது, இவர் கணினியில் 720-இல் பறந்தது. `300 * delta` என்று, அதாவது முந்தைய பிரேமிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்கி, மாற்றியதும் இரண்டிலும் ஒன்றுபோல ஓடியது. அவர் அன்று விளையாடவே இல்லை, வரிசையாக வந்தவர்களுக்குக் கணினியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

மேடைக்கு எதிரே நேர அட்டை காட்டியவருக்கும், ஒலிவாங்கி நின்றபோது ஓடி வந்தவருக்கும், அறிவிப்புகளைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு எனக்கு நேரம் விட்ட ஒருங்கிணைப்பாளருக்கும் நன்றி. சின்னதாக முடியுங்கள் என்று சொல்ல வந்தவன் நேரத்தைத் தாண்டியிருந்தால் கேலிக்கூத்தாகியிருக்கும்.

வாளியின் முழு நிரலும் ஒருங்கிணைப்பாளரிடம் இருக்கிறது, செய்த மாணவியின் சம்மதத்தோடு. கேட்பவர்களுக்குக் கொடுப்பார். எடுத்துப் பிரித்துப் பார்க்கிறவர்கள் முதலில் 0.8-ஐ 1.0 ஆக்கி விளையாடுங்கள், பிறகு 0.5 ஆக்குங்கள். அடுத்த ஜாமுக்கு இன்னும் நல்ல எண் ஒன்று யாரிடமாவது இருந்தால் அந்த மாணவியிடம் சொல்லுங்கள், அவர் இதை இன்னும் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் தொடக்க உரையாளர்