0.63 கிராம்

மதுரை
ஞாயிறு காலை

அன்புள்ள மீனாவுக்கு,

உன் பள்ளிக்கூடத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, வாத்தியாரிடம் தப்பை ஒத்துக்கொண்ட பையனைப் பற்றி ஒரு கதை வேண்டும் என்று போனில் கேட்டாய். நான் கதை எழுதுகிறவன் இல்லை, லேபில் வேலை பார்த்தவன். அந்த லேபுக்குள் நடந்த ஒன்றையே சொல்கிறேன். நீ சின்னப் பிள்ளையாகக் காய்ச்சலில் கிடந்து நான் மூன்று நாள் லீவு போட்டேனே, அப்போது நடந்தது. திரும்பி வந்ததும் கெமிஸ்ட்ரி சாரும் சொன்னார், பையனும் சொன்னான். கதைக்காக அவனைப் பாண்டி என்று வைத்துக்கொள்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாதிரி பிராக்டிகல். ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் இரண்டு பாட்டில் வேண்டும், மேசைக்கு ஒன்று. ஒன்றைச் சார் கலக்கினார். இன்னொன்றைக் கலக்கும் வேலையைப் பாண்டியிடம் கொடுத்தார். எனக்கு ஒத்தாசை செய்து தராசு பிடித்துப் பழகியவன், அதனால்தான் கொடுத்தார். 6.3 கிராம் படிகத்தை நிறுத்து, ஒரு லிட்டர் குடுவையில் போட்டு, கரைத்து, கழுத்தில் இருக்கும் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றினால் கரைசலின் செறிவு 0.1 நார்மல். அவ்வளவுதான் வேலை.

அவன் சரியாகத்தான் நிறுத்தான். வாட்ச் கிளாஸிலிருந்து புனலுக்குத் தட்டும்போது கை சாய்ந்து, கொஞ்சம் படிகம் ஈரமாகக் கிடந்த சிங்கில் விழுந்துவிட்டது. விழுந்ததை அள்ள முடியாது. திரும்ப நிறுக்க வேண்டும் என்றால் எடைக்கற்களை முதலிலிருந்து வைத்து எடுக்க வேண்டும், கால் மணி நேரம் பிடிக்கும். வெளியே பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். குழாயைத் திறந்து சிங்கைக் கழுவிவிட்டு, இருந்ததை வைத்தே கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றினான். பாட்டிலில் '0.1 N' என்று எழுதி ஒட்டினான்.

அந்த லேபிள் ஒட்டும் இடத்தைக் கதையில் அவசரமாகக் கடந்துவிடாதே. படிகம் கொட்டியது கை செய்தது. எழுதி ஒட்டியது அவன் செய்தது.

டைட்ரேஷன் உன் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி இவ்வளவு சொன்னால் போதும். பிப்பெட்டில் 20 மில்லி ஆக்ஸாலிக் அமிலத்தை எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, கந்தக அமிலம் சேர்த்து, ஆவி எழும் வரை சூடாக்கி, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டின் நிறம் போகத் தாமதமாகும், பிறகு விட விட மறையும். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு சொட்டு மறையாமல் வெளிறிய ரோஸ் நிறமாக நிற்கும். அங்கே நிறுத்தி அளவைப் பார்க்க வேண்டும். அமிலம் சரியாக 0.1 இருந்தால், அதே 0.1 பெர்மாங்கனேட் 20 மில்லி செலவாகும். அந்த பெர்மாங்கனேட் 0.1 தான் என்று இரண்டு மேசையிலும் வேறொரு கரைசலை வைத்துச் செய்த முதல் டைட்ரேஷனிலேயே வந்திருந்தது.

சார் கலக்கிய பாட்டில் இருந்த மேசையில் எல்லாருக்கும் 20 வந்தது. பாண்டியின் மேசையில் எட்டுப் பேருக்கும் 18. மூன்று பேர் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்துவிட்டு நோட்டில் 20 என்று எழுதினார்கள். ஒரு பெண் மட்டும் ஐந்து தடவை செய்து பார்த்தாள். குடுவையை நன்றாகச் சூடாக்கவில்லை என்றால் நிறம் மறையச் சுணங்கும், முடிந்துவிட்டது என்று சீக்கிரமே நிறுத்திவிடுவோம். அதுதான் காரணமோ என்று மறுபடி மறுபடி சூடாக்கினாள். அப்போதும் 18 தான். 18 என்றே எழுதினாள்.

மறுநாள் மார்க் வந்தது. 20 எழுதிய மூவருக்கும் முழு மார்க். அந்தப் பெண்ணிடம் சார் வகுப்பில் வைத்தே, "பியூரெட்டைப் பாத்தியா, யானைமலையைப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டார். எங்கள் லேப் ஜன்னலில் மலை தெரியும். எல்லோரும் சிரித்தார்கள். பாண்டியும் சிரித்தானாம். அந்தச் சிரிப்பைச் சொல்லும்போதுதான் என் முன்னால் அவனுக்குக் குரல் கம்மியது.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் சாருக்காக நின்றிருக்கிறான். வந்ததும் அவன் வாயிலிருந்து முதலில் வந்தது முழு உண்மை இல்லை.

"சார், அந்தப் பாட்டில்ல ஏதோ கோளாறு இருக்கும்போல."

"கலக்குனது யாரு?"

"நான்தான் சார்."

"அப்புறம் என்ன 'ஏதோ'?"

கொஞ்ச நேரம் சைக்கிள் பெல்லையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் சொன்னான். "தட்டும்போது சிங்க்ல கொட்டிருச்சு சார். திரும்ப நிறுக்காம அப்படியே கலக்கிட்டேன். தெரிஞ்சேதான் லேபிள் ஒட்டுனேன்."

"எவ்வளவு கொட்டுச்சு?"

"கொஞ்சம்தான் சார்."

"கொஞ்சம்னா எத்தனை கிராம்?"

இங்கே சார் அவனைத் தட்டிக்கொடுத்தார், கண் கலங்கினார் என்று எழுதிவிடாதே, தாயி. அப்படி எதுவும் நடக்கவில்லை. சைக்கிளைத் திரும்ப நிறுத்திவிட்டு லேப் சாவியை எடுத்தார். அந்தப் பாட்டிலிலிருந்து 20 மில்லி எடுத்து டைட்ரேட் செய்யச் சொன்னார். மூன்று தடவையும் 18.0. பிறகு கரும்பலகையில் அவனையே போட வைத்தார்.

18 × 0.1 ÷ 20 = 0.09
0.09 × 63 = 5.67
6.30 − 5.67 = 0.63

63 என்பது ஆக்ஸாலிக் அமிலப் படிகத்தின் சமான எடை. அதனால் பெருக்கினால் ஒரு லிட்டரில் உண்மையில் எத்தனை கிராம் இருக்கிறது என்று வந்துவிடும். ஆக, சிங்கில் போனது 0.63 கிராம். "அதை நிறுத்து எடு" என்றார். நிறுத்துத் தாளில் கொட்டினான். ஒரு சிட்டிகை. குழம்புக்கு உப்புப் பத்தவில்லை என்று உன் அம்மா கடைசியில் போடுவாளே, அந்த அளவு. இரண்டு பேரும் விளக்கு வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

கரைசலைக் கீழே ஊற்றிவிடவா என்று பாண்டி கேட்டான். வேண்டாம் என்றார் சார். அளவு தெரிந்துவிட்டதால் அது கெட்ட கரைசல் இல்லை, லேபிள்தான் தப்பு. 0.1 ஐ அடித்துவிட்டு, 0.09 என்று அவன் கையாலேயே எழுதித் தேதி போட வைத்தார்.

அடுத்த நாள் வகுப்பில் சார் பாண்டியின் பெயரைச் சொல்லவில்லை. அந்த மேசைக்கு வந்த கரைசல் தவறு, அதைச் சோதிக்காமல் மார்க் போட்டது என் தவறு என்றார். அந்தப் பெண்ணை எழுப்பி, "நீ பாத்தது சரிதாம்மா, நான்தான் பாக்கல" என்றார். பாண்டி தானாகவே எழுந்து, கலக்கியது நான் என்றான். அந்த மேசைக்கு மட்டும் தேர்வைத் திரும்ப வைத்தார்கள்.

20 எழுதிய மூன்று பேர் என்ன ஆனார்கள் என்று உன் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். சார் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். நீயும் பதில் சொல்லாமல் விடு, பிள்ளைகளே பேசட்டும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள். நான் வேலைக்குத் திரும்பிய பிறகும் பாண்டி எடை போட வருவான். அதற்கப்புறம் எப்போது படிகத்தைப் புனலில் தட்டினாலும், முதலில் மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன் மேல் குடுவையை வைத்துக்கொண்டுதான் தட்டுவான்.

அம்மா கருவடாம் காயப்போட்டிருக்கிறாள். அடுத்த வாரம் பார்சலில் வரும்.

அன்புடன்,
அப்பா