விலையை உயர்த்துங்கள், எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள்: ஒரு பில்லிங் மென்பொருள் நிறுவனத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும் வாடிக்கையாளர் பிரிவினருக்கும்,

வணக்கம். ஆண்டுச் சந்தாவை உயர்த்துவது குறித்துத் தாங்கள் அண்மையில் அனுப்பிய அறிவிப்பைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். தங்கள் மென்பொருளில் பில் போடும் சில சிறு கடைகளுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பது என் தொழில். விலை உயர்வை நான் எதிர்க்கவில்லை. சர்வர் வாடகையும் ஆட்களின் சம்பளமும் ஏறும்போது சந்தா மட்டும் அப்படியே நிற்க வேண்டும் என்று எந்தக் கடைக்காரரும் எதிர்பார்ப்பதில்லை, ஏனெனில் அவரே ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் சரக்கின் விலையை மாற்றி எழுதுகிறவர். நான் கேட்பது ஒன்றே: அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்று, எவ்வளவு, எப்போது, வேண்டாமென்றால் என்ன வழி என்று நேராகச் சொல்லும் புதிய அறிவிப்பை அனுப்புங்கள், பழைய அறிவிப்பை நம்பியவர்களிடம் எடுத்த கூடுதல் தொகையைத் திருப்பிக் கொடுங்கள்.

தாங்கள் அனுப்பிய மின்னஞ்சலின் தலைப்பு ‘உங்கள் வணிகத்துக்குப் புதிய மேம்பாடுகள்’ என்பது. முதல் ஐந்து பத்திகளில் புதிய வண்ணங்கள், புதிய அறிக்கைகள், தங்கள் நிறுவனம் கடந்து வந்த பாதை ஆகியவை இருக்கின்றன. ஆறாவது பத்தியின் நடுவில், ‘சிறிய விலைத் திருத்தமாக ஆண்டுச் சந்தா இனி 3,499 ரூபாய் மட்டுமே, அதாவது நாளொன்றுக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவு’ என்ற வாக்கியம் வருகிறது. பழைய விலை எங்குமே இல்லை. எந்தத் தேதியிலிருந்து என்பதும் இல்லை, ‘அடுத்த புதுப்பித்தலின்போது’ என்பதோடு சரி. அந்த நாள் எது என்பது தங்கள் கணினிக்குத் தெரியும். கடைக்காரருக்கு அவர் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

பழைய விலை 2,999 ரூபாய் என்று நினைவிருப்பவர், ஐந்நூறு ரூபாய்தானே ஏறியிருக்கிறது என்று எண்ணிக்கொள்வார். நானும் அப்படி எண்ணியிருக்கலாம், கையில் சென்ற ஆண்டின் பில் இல்லாதிருந்தால். அந்த 2,999 ரூபாய் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்த தொகை. வரிக்கு முன் சந்தா 2,541.53 ரூபாய்தான். இப்போது சொல்லும் 3,499 ரூபாயோ வரி சேராதது. அதன்மேல் வரியைச் சேர்த்தால் கையிலிருந்து போவது 4,128.82 ரூபாய். ஆக உயர்வு ஐந்நூறு அன்று, 1,129.82 ரூபாய். வரியோடு பார்த்தாலும் வரியில்லாமல் பார்த்தாலும் ஏறக்குறைய 38 சதவீதம். நாளொன்றுக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவு என்ற கணக்கும் வரியைச் சேர்த்ததும் பதினொரு ரூபாயைத் தாண்டிவிடுகிறது. பழைய விலையை வரியோடும் புதிய விலையை வரியில்லாமலும் வாசகர் மனத்தில் ஒப்பிட வைத்தது கைத்தவறா, கைத்திறனா என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

‘வணிகர்கள் தாங்கள் வாங்கியதற்குக் கட்டிய உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமே’ என்று தங்கள் உதவி மையத்தில் பதில் சொன்னார்கள். பில்லிங் மென்பொருள் விற்கும் நிறுவனத்திடமிருந்து அந்தப் பதில் வந்ததுதான் வியப்பு. விற்றுமுதலில் ஒரு சிறு விகிதத்தை மட்டும் வரியாகக் கட்டும் ஜிஎஸ்டி தொகுப்புத் திட்டத்தில் இருக்கும் கடைகளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஜிஎஸ்டி பதிவே இல்லாத சிறு கடைகளுக்கும் கிடையாது. அவர்களுக்கு வரியும் விலைதான்.

இனி, அத்தகைய கடை ஒன்றில் நேர்ந்ததைச் சொல்கிறேன். பள்ளி ஒன்றின் அருகே நோட்டுப் புத்தகமும் பேனாவும் விற்கும் அம்மையார் ஒருவர், தம் வங்கிக் கணக்கில் எந்தக் காசு எதற்கு என்று எண்ணி வைத்து நடத்துபவர். பள்ளி திறக்குமுன் நோட்டுக் கட்டுகளை இறக்கியதற்காக மொத்த வியாபாரியிடம் காசோலை கொடுத்திருந்தார். தங்கள் சந்தாவும் அந்த வாரமே வருகிறது என்று அறிந்து 2,999 ரூபாயைத் தனியாக விட்டுத்தான் கொடுத்திருந்தார். தங்கள் சந்தாவுக்கோ 4,128.82 ரூபாய் யுபிஐ ஆட்டோபே வழியாகப் போய்விட்டது. மீதம் போதாமல் காசோலை திரும்பியது. வங்கி அதற்குத் தனிக் கட்டணம் பிடித்தது. அந்த மொத்த வியாபாரி இப்போது ரொக்கம் கொடுத்தால்தான் சரக்கு என்கிறார். பல ஆண்டுகளாகக் கடனுக்குச் சரக்கு எடுத்து ஒருமுறைகூடத் தவணை தவறாதவருக்கு, பள்ளி திறக்கும் வாரத்தில் இது எத்தகைய அடி என்பது கடை நடத்தியவர்களுக்குப் புரியும்.

அவருடைய ஒப்புதல் இல்லாமல் எப்படிப் போனது என்று செயலியைத் திறந்து பார்த்தேன். ஆட்டோபே அனுமதியில் உச்சத் தொகையாக 15,000 ரூபாயைத் தாங்கள் வைத்திருக்கிறீர்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, முதல்முறை பின் எண் போட்டு அனுமதித்துவிட்டால், இத்தகைய சந்தாக்களுக்கு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் மீண்டும் பின் எண் கேட்க வேண்டியதில்லை. 2022 ஜூனில் 5,000 ரூபாயாக இருந்த வரம்பு இவ்வாறு உயர்த்தப்பட்டது. 3,000 ரூபாய்ச் சந்தாவுக்கு 3,000 ரூபாயை ஒட்டியே உச்சத் தொகையை வைத்திருந்தால், விலை உயர்ந்ததும் புதிய அனுமதியைக் கேட்க வேண்டி வந்திருக்கும். அந்தக் கேள்வியே தெளிவான அறிவிப்பாகவும் அமைந்திருக்கும். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வரவேண்டும் என்ற விதியும் இருக்கிறது, செய்தியும் வந்தது. ஆனால் காசோலை அதற்கு முன்பே மொத்த வியாபாரியின் கைக்குப் போய்விட்டதே! வங்கியின் முன்தகவல் கடைசி வேலி மட்டுமே. விலையைச் சொல்ல வேண்டிய கடமை விலையை உயர்த்துகிறவருடையது.

இன்னொன்றும் உண்டு. கோபத்தில் அந்த அம்மையார் ‘ரத்து செய்’ என்ற பொத்தானை அழுத்தியபோதுதான், ஸ்டாக் கணக்கு மட்டும் இல்லாத, பழைய விலையிலேயே கிடைக்கும் எளிய திட்டம் ஒன்று திரையில் தோன்றியது. அவர் ஸ்டாக் கணக்கைத் தொட்டதே இல்லை. அறிவிப்பில் அத்திட்டத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்ததும் இதையொத்த குற்றச்சாட்டின் பேரில்தான்: மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு வசதியைச் சேர்த்து விலையை உயர்த்தியபோது, பழைய விலையில் ‘கிளாசிக்’ திட்டம் இருந்ததை மின்னஞ்சலில் சொல்லவில்லை, ரத்து செய்யப் போனவர்களுக்கு மட்டுமே காட்டினார்கள் என்பது. ஏறத்தாழ 27 லட்சம் பேர் இதனால் தவறாக வழிநடத்தப்பட்டனர் என்று ஆணையம் கூறியது. அடுத்த மாதமே அந்நிறுவனம் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டு, கிளாசிக் திட்டத்துக்கு மாற விரும்பியவர்களுக்குக் கூடுதல் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. நம் நாட்டிலும் 2023 நவம்பரில் வந்த, நுகர்வோரை ஏமாற்றும் இணைய வடிவமைப்புகளுக்கு எதிரான வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. விலையைத் துளித்துளியாக வெளியிடுவதும், சந்தாவிலிருந்து வெளியேற முடியாமல் சிக்க வைப்பதும் அதன் பட்டியலிலேயே உள்ளன. தங்கள் சட்டப் பிரிவினர் படித்திருப்பார்கள்.

குறை மட்டும் சொல்லி நிறுத்துவது முறையன்று என்பதால், அந்த அறிவிப்பு எப்படி இருந்திருக்கலாம் என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். தலைப்பிலேயே ‘உங்கள் சந்தா ஜூன் 10 முதல் 4,128.82 ரூபாய் ஆகிறது’ என்று இருக்கட்டும். தேதியை ஒவ்வொருவருக்கும் ஏற்பத் தங்கள் கணினியே நிரப்பிவிடும். கீழே:

> ‘நீங்கள் இதுவரை ஆண்டுக்கு, வரி உட்பட, 2,999 ரூபாய் செலுத்தி வந்தீர்கள். ஜூன் 10 அன்று உங்கள் சந்தா புதுப்பிக்கப்படும்போது, வரி உட்பட, 4,128.82 ரூபாய் எடுத்துக்கொள்வோம். இது 1,129.82 ரூபாய் கூடுதல்.
>
> ஸ்டாக் கணக்கு தேவைப்படாதவர்கள் பழைய விலையான 2,999 ரூபாயிலேயே எளிய திட்டத்துக்கு மாறலாம். சந்தாவே வேண்டாமென்றால் ஜூன் 9 வரை ரத்து செய்யலாம்; கட்டணம் எதுவும் எடுக்க மாட்டோம். உங்கள் பழைய பில்கள் அனைத்தையும் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.’

இதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள் போதும்: ஒன்று திட்டத்தை மாற்ற, ஒன்று ரத்து செய்ய. உயர்வுக்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் சேர்க்கலாம், உண்மையான காரணமாக இருந்தால் மட்டும். செலவு கூடியிருந்தால் எந்தச் செலவு என்று சொல்லுங்கள். இதுவரை நட்டத்தில் விற்றிருந்தால் அதையும் சொல்லுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். ‘உங்களுக்கு மேலும் சிறந்த அனுபவத்தை வழங்க’ என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், 1,129 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது யாருக்கும் சிறந்த அனுபவமாக இருந்ததில்லை. மேம்பாடுகளைப் பற்றி எழுத ஆசையிருந்தால் இன்னொரு நாள் தனி மின்னஞ்சலாக எழுதுங்கள்.

பழைய பில்களைப் பற்றிய வரியை நான் அலங்காரத்துக்காகச் சேர்க்கவில்லை. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளையும் பில்களையும் அந்த ஆண்டின் வருடாந்திரப் படிவத்துக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அவை தங்கள் சர்வரில் மட்டுமே இருக்கும்வரை, பதிவு பெற்ற கடைக்காரர் விலை பிடிக்காவிட்டாலும் வெளியேறத் தயங்குவார். அப்படித் தயங்கி இருப்பவரை விசுவாசமான வாடிக்கையாளர் என்று தங்கள் ஆண்டறிக்கை எண்ணிக் கொள்ளக்கூடும். வேறு நிறுவனம் தரவை மாற்றித் தருகிறேன் என்று வந்த அன்றைக்கு அந்த எண்ணிக்கை என்னவாகும் என்பதையும் தாங்கள் கணக்கிட்டிருப்பீர்கள் என நம்புகிறேன்.

புதிய அறிவிப்பு புதுப்பித்தலுக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாகப் போக வேண்டும், ஒரு வாரம் இருக்கையில் வாட்ஸ்அப்பில் தமிழில் நினைவூட்டல் ஒன்றும் வேண்டும். கடைக்காரர் மின்னஞ்சலைத் திறப்பது ஓடிபி பார்க்க மட்டும்தான். அனுப்புமுன் அதைத் தங்கள் அலுவலகத்தில் விலை நிர்ணயத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுத்து ஒருமுறை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளை வாங்கி வைத்துக்கொண்டு, எவ்வளவு போகும், எந்த நாளில் போகும், வேண்டாமென்றால் என்ன செய்வது என்று கேளுங்கள். ஒன்றுக்கு விடை வராவிட்டாலும் அறிவிப்பு இன்னும் தயாராகவில்லை. அனுப்பிய பின்னும் உதவி மையத்துக்கு வரும் அழைப்புகளைக் கவனியுங்கள். ‘ஏன் ஏற்றினீர்கள்’ என்று திட்டினால் அறிவிப்பு புரிந்திருக்கிறது. ‘எவ்வளவு எடுத்தீர்கள்’ என்று கேட்டால் புரியவில்லை.

இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னால் சிலர் விலகிவிடுவார்கள் என்று தங்கள் விற்பனைப் பிரிவு சொல்லலாம். விலகுவார்கள்தான். 38 சதவீத உயர்வைத் தாங்க முடியாதவர் இன்று சொல்லிக்கொண்டு விலகினால், கடை பெரிதாகும்போது திரும்பி வரவும் கூடும். பணம் போன பின் தெரிந்துகொண்டவரோ திரும்பாததோடு, பக்கத்துக் கடைக்காரரிடமும் சொல்லிவிட்டுத்தான் போவார்.

ஆகவே தங்களைப் பணிவுடன் மீண்டும் வேண்டுகிறேன். பழைய அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். வரி சேர்த்த பழைய விலை, புதிய விலை, தேதி, எளிய திட்டம், வெளியேறும் வழி ஆகியவை முதல் திரையிலேயே தெரியும் புதிய அறிவிப்பை அனுப்புங்கள். ஆட்டோபே உச்சத் தொகையைச் சந்தாவை ஒட்டிக் குறையுங்கள். அதுவரை யாரிடமும் உயர்ந்த தொகையை எடுக்காதீர்கள். நான் குறிப்பிட்ட கடைக்கு 1,129.82 ரூபாயோடு வங்கி பிடித்த காசோலைக் கட்டணத்தையும் சேர்த்துத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பில், வங்கிப் பதிவு, ஆட்டோபே திரையின் படம் ஆகியவற்றை, அந்த அம்மையாரின் இசைவோடு, தங்கள் குறைதீர்ப்பு அலுவலருக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தங்கள் பதிலை அவருக்கே நேரடியாக, தமிழில் அனுப்பினால் நலம்.

இப்படிக்கு,
தங்கள் மென்பொருளில் தினமும் வேலை செய்யும் ஒரு கணக்கெழுத்தர்