அந்த ஒற்றைப் பட்டியலைத் திரும்பப் பெறுங்கள்

எங்கள் நிறுவனத்தின் ஜப்பானிய மொழிப் பயிற்சிக் குழுவினருக்கு,

வணக்கம்.

ஒசாகா கிளையண்டுக்குப் போன அந்த மெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரிவியூ கூட்டத்தில் அதைத் திரையில் பெரிதாகப் போட்டு, சிவப்பில் கோடிட்டு, எங்கள் டீமின் இளைய பொறியாளர் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்க, "ஜேஎல்பிடி தேர்வில் என்-மூன்று பாஸ் பண்ணியும் மரியாதை தெரியவில்லையே" என்று கேட்டது நீங்கள்தான். அவளுடைய அப்ரைசலில் 'மொழிப் பிழை' என்று ஒரு வரியும் ஏறிவிட்டது. அன்று கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மெயிலை உங்கள் பட்டியலோடு வரிக்கு வரி வைத்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் 'மரியாதைச் சொற்கள்' பட்டியலில் இரண்டே கட்டங்கள். இடப்பக்கம் சாதாரண வினை, வலப்பக்கம் அதன் 'மரியாதை வடிவம்'. 'பார்' என்பதற்கு எதிரே ஹைகென், கோரான். 'போ, வா' என்பதற்கு எதிரே இரஷ்ஷாரு, உகாகாவு, மாய்ரு. நடுவில் வெறும் கமா. மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளும் எடுத்துக்கொண்டாள்.

மெயிலின் முதல் பிழை, ஆவணத்தை 'ஹைகென் ஷிதே குதசாய்' என்று கிளையண்டிடம் கேட்டது. ஹைகென் என்பது பணிவுச் சொல். பார்க்கிறவர் தன்னைத் தாழ்த்திக்கொண்டு, யாருடைய பொருளைப் பார்க்கிறாரோ அவரை உயர்த்துவது. நாம் அவர்கள் அனுப்பியதைப் பார்த்தால் 'ஹைகென் ஷிமாஷ்தா' என்று எழுதலாம், அழகாக இருக்கும். கிளையண்டையே பார்க்கச் சொல்லும்போது அதைப் போட்டால், 'எங்கள் மேலான ஆவணத்தை நீங்கள் பணிவுடன் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஆகிவிடும். 'கோரான் குதசாய்' என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டு சொல்லும் உங்கள் பட்டியலில் ஒரே கட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

இரண்டாவது பிழை, நம் மேலாளர் வியாழக்கிழமை அவர்கள் அலுவலகத்துக்கு 'இரஷ்ஷாய்மாஸ்' என்று எழுதியது. அது வருகிறவரை உயர்த்தும் சொல். இங்கே அவளுடைய தமிழ்ப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. வெளியாரிடம் பேசும்போதும் நாம் மேலாளரை 'வருகிறார்' என்றுதான் சொல்வோம். யாரிடம் பேசினாலும் பெரியவர் பெரியவர்தான். ஜப்பானிய மொழியில் அப்படி இல்லை. கிளையண்டுக்கு எழுதும் நொடியில் நம் மேலாளர், இயக்குநர், தலைவர் எல்லோரும் 'நம் பக்கம்' ஆகிவிடுகிறார்கள். அவர்கள் பெயருக்குப் பின்னால் 'சான்' கிடையாது. பதவியையும் பெயருக்குப் பின்னால் ஒட்டக் கூடாது, அதுவே மரியாதை ஒட்டு ஆகிவிடும். 'எங்கள் நிறுவனத்தின் புச்சோவான இன்னார்' என்று பதவியை முன்னால் தள்ளி, வெறும் பெயரை எழுதி, வினையை 'உகாகாய்மாஸ்' என்று தாழ்த்த வேண்டும். அதே மேலாளருக்கு நேரடியாக மெயில் எழுதினால் எல்லாம் மறுபடி உயர வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்குக் கை கூசும் இடம் இது. இதை வகுப்பில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டாமா? பட்டியலில் ஒரு அடிக்குறிப்புகூட இல்லை.

அந்தச் சொற்களை அவள் வேறு எங்கே பார்த்திருப்பாள் என்று தேடினேன். கிளையண்டின் மெயில்களில்தான். 'ஆவணத்தை ஹைகென் ஷிமாஷ்தா' என்று அவர்கள் நமக்கு எழுதியிருக்கிறார்கள், பார்த்தவர்கள் அவர்கள் என்பதால். 'உங்கள் மேலாளர் எப்போது இரஷ்ஷாய்மாஸ் கா' என்று கேட்டிருக்கிறார்கள், வருகிறவர் அவர்களுக்கு எதிர்ப்பக்கம் என்பதால். அவர்கள் எழுதியது முழுக்கச் சரி. அதையே பெயர்த்து நாம் திருப்பி அனுப்பினால் முழுக்கத் தவறு, ஏனென்றால் ஒவ்வொரு வினையின் திசையும் மாறியிருக்க வேண்டும். நீங்களோ 'நல்ல மெயில்களைப் பார்த்து வாக்கியங்களைச் சேகரியுங்கள்' என்று அறிவுரை சொல்கிறீர்கள். உங்கள் பட்டியலின் பின்பகுதியில் இருக்கும் மாதிரி வாக்கியங்களில் பாதி, கிளையண்டு நமக்கு எழுதியவை என்பது படித்தாலே தெரிகிறது. யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்ற குறிப்பு ஒன்றிலும் இல்லை.

இனி, நீங்கள் திருத்தி அனுப்பிய பிரதிக்கு வருகிறேன். மேலாளர் புதன்கிழமை முதலில் நம் சொந்த ஒசாகா கிளைக்குப் போய், மறுநாள் கிளையண்டிடம் போவதாகத் திட்டம். திருத்தத்தில் இரண்டு இடத்திலும் 'உகாகாய்மாஸ்' என்று போட்டிருக்கிறீர்கள். வியாழக்கிழமைக்கு அது சரி. புதன்கிழமைக்குச் சரியில்லை. உகாகாவு என்பது போய்ச் சேரும் இடத்தில் இருப்பவரை உயர்த்தும் சொல். நம் கிளைக்கு அதைப் போட்டால், கிளையண்டின் எதிரிலேயே நம் கிளையை நாமே கும்பிட்டுக்கொள்கிறோம். அங்கே 'மாய்ரிமாஸ்' வர வேண்டும். மாய்ரு யாரை நோக்கிப் போகிறோம் என்பதைக் கண்டுகொள்வதில்லை, மெயிலைப் படிப்பவரிடம் மட்டும் பணிவு காட்டும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஜப்பான் அரசின் பண்பாட்டு மன்றம் 2007 பிப்ரவரியில் 'கெய்கோ நோ ஷிஷின்' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. அதுவரை பள்ளிகளில் மூன்றாகச் சொல்லிவந்த கெய்கோ என்ற மரியாதை மொழியை அது ஐந்தாகப் பிரித்தது. அப்படிப் பிரித்ததில், கென்ஜோகோ என்ற பணிவு மொழியை இரண்டாக்கியது: செயல் யாரைப் போய்ச் சேர்கிறதோ அவரை உயர்த்தும் உகாகாவு போன்றவை ஒன்று, கேட்பவரிடம் மட்டும் பணியும் மாய்ரு போன்றவை இன்னொன்று. ஆசிரியரிடம் போகிறேன் என்றால் உகாகாவு பொருந்தும், தம்பியிடம் போகிறேன் என்றால் பொருந்தாது, மாய்ரு என்றால் இரண்டுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்காட்டோடு அதில் இருக்கிறது. பண்பாட்டு அலுவல்கள் முகமையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஜப்பானியம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கே விளக்கம் தேவைப்பட்டதால் எழுதப்பட்ட ஆவணம் அது. சென்னையில் படித்து வந்த ஒரு இருபத்து மூன்று வயதுப் பெண், உங்கள் கமாவைப் பார்த்து இதையெல்லாம் ஊகித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்.

இன்னொரு மெயிலில் 'ஓஉகாகாய் ஷிமாஸ்' என்பதை இரட்டை மரியாதை என்று சிவப்பில் அடித்திருந்தீர்கள். கணக்குப்படி இரட்டைதான். ஆனால் வழக்கத்தில் நிலைபெற்றுவிட்டது என்று அதே வழிகாட்டி ஏற்றுக்கொண்ட சில வடிவங்களில் அதுவும் ஒன்று. சரியானதை அடித்துவிட்டுத் தவறானதை எழுதித் தருவதற்குப் பெயர் ரிவியூ என்றால், அதற்கான அப்ரைசல் வரி யாருடையது என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

இந்த ரிவியூவால் வரும் சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நாம் காலை ஒன்பதுக்கு வந்து உட்காரும்போது அங்கே பன்னிரண்டரை. அவர்கள் ஆறு மணிக்குக் கிளம்பினால் நமக்கு மதியம் இரண்டரைதான். நாலு வரி மெயில் உங்கள் வரிசையில் போய் நின்று மூன்று மணிக்குத் திரும்பி வந்தால், அன்றைக்கு அது கிளையண்டைச் சேராத மெயில். சர்வர் விழுந்து கிடந்த நாளில்கூட, என்ன பழுது என்று காலையிலேயே எழுதி முடித்த பெண், வினைமுற்றுக்காக மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் காத்திருந்தாள். திரும்பி வந்ததில் திருத்தம் இருந்தது, காரணம் இல்லை. காரணம் தெரியாததால் அடுத்த மெயிலும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். பயந்துபோய் இப்போது எல்லா வினைக்கும் பின்னால் 'சசெத்தே இததக்கிமாஸ்' சேர்க்கிறாள். எதிராளியின் அனுமதியோடு செய்கிறேன், அதனால் எனக்கு நன்மை என்ற இரண்டு பொருளும் பொருந்தும் இடத்துக்கான வடிவம் அது. அவர்களே கேட்ட கோப்பை அனுப்புவதற்கு யார் அனுமதி வேண்டும்? 'ஓஓகுரி இத்தாஷிமாஸ்' போதும். ஒரே மெயிலில் நாலு தடவை அனுமதி கேட்டால், படிப்பவருக்கு விஷயம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

பயிற்சியே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 15 பாகை, 30 பாகை, 45 பாகை என்று குனியக் கற்றுத்தந்தீர்கள். விசிட்டிங் கார்டை இரண்டு கையால் நீட்டக் கற்றுத்தந்தீர்கள். சென்னையை விட்டு நகராமல், கிளையண்டின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மெயில் மட்டுமே எழுதப்போகிறவர்களுக்கு அது பெரிதும் பயன்பட்டது. மெயிலில் எத்தனை பாகை குனிய வேண்டும் என்பதையும் ஒருநாள் சொல்லித்தருவீர்கள் என்று நம்புகிறோம். ஜேஎல்பிடி சான்றிதழை வரவேற்பறைச் சுவரில் மாட்டுகிறோம், அந்தத் தேர்வில் எழுத்துப் பகுதியே கிடையாது என்பதை யாரும் பேசுவதில்லை. உச்ச நிலையான என்-ஒன்று வரை கட்டத்தை நிரப்பியே போய்விடலாம், ஒரு மெயில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அப்புறம் 'பாஸ் பண்ணியும் தெரியவில்லையே' என்று வியந்தால் எப்படி?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது இதுதான். அந்த ஒற்றைப் பட்டியலைத் திரும்பப் பெறுங்கள். அதன் இடத்தில் செயலைச் செய்பவர் யார் என்பதை வைத்துப் பிரித்த பட்டியல் ஒன்று வேண்டும்: எதிர்ப்பக்கத்தார் செய்வது ஒரு கட்டம், நம் பக்கத்தார் செய்து அவர்களைச் சேர்வது ஒரு கட்டம், நம் பக்கத்தார் செய்து அவர்களைத் தொடாதது ஒரு கட்டம். இரஷ்ஷாரு, உகாகாவு, மாய்ரு மூன்றும் தத்தம் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டால், அந்த மெயிலின் பிழைகளும் உங்கள் திருத்தத்தின் பிழையும் ஒரே பார்வையில் தெரியும். மாதிரி வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் மேலே, யார் யாருக்கு எழுதியது என்று குறியுங்கள். திருத்தினால் பக்கத்தில் ஒரு வரிக் காரணம் எழுதுங்கள், 'செய்பவர் கிளையண்டு' என்று இரண்டு சொல் இருந்தாலும் போதும். பழுது பற்றிய அவசர மெயில்களை ரிவியூ வரிசையில் நிறுத்தாதீர்கள். பிழையோடு மதியம் சேரும் மெயில், பிழையில்லாமல் மறுநாள் சேருவதைவிட அந்தக் கிளையண்டுக்கு எவ்வளவோ மேல். இதை அவர்களே தொலைபேசியில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், மிகவும் உயர்ந்த கெய்கோவில்.

அடுத்த பேட்ச் வகுப்பு தொடங்குமுன் புதிய பட்டியல் வந்துவிட்டால் நல்லது. தயாரிக்க ஆள் இல்லை என்றால் நானும் எங்கள் டீமில் இன்னும் சிலரும் வார இறுதியில் உட்காரத் தயார். அந்தப் பொறியாளரின் அப்ரைசலில் இருக்கும் 'மொழிப் பிழை' வரியை மட்டும் அதுவரை வைத்திருக்காமல், இந்த வாரமே நீக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒசாகா கிளையண்டுக்கு வேலை செய்யும் டீமின் பிரிட்ஜ் இன்ஜினியர்